கருத்தரங்குக்கு ஆதரவு கேட்டு உள்ளூர் நிறுவனங்களுக்குக் கடிதம் எழுதும் முறை

பொறியியல் கல்லூரிகளில் துறைச் சங்கத்தின் செயலாளராகப் பொறுப்பேற்கும் மூன்றாம் ஆண்டு மாணவர் முதலில் செய்யும் வேலை, சென்ற ஆண்டுச் செயலாளரிடமிருந்து ஒரு பழைய ஸ்பான்சர்ஷிப் கடிதத்தை வாங்கி, அதில் தேதியை மட்டும் மாற்றி ஐம்பது பிரதி எடுப்பதாகும். அந்தக் கடிதத்தில் 'டைட்டில் ஸ்பான்சர்' ஒரு லட்சம், 'பிளாட்டினம்' ஐம்பதாயிரம், 'கோல்டு' இருபத்தைந்தாயிரம் என்று ஒரு பட்டியல் இருக்கும். அதே பட்டியல் பேக்கரிக்கும் போகும், வார்ப்பாலைக்கும் போகும், ஜெராக்ஸ் கடைக்கும் போகும். துறைச் சங்கத்தின் ஆசிரியப் பொறுப்பாளராக நான் இருந்த ஆண்டுகளில் இப்படிப்பட்ட கடிதங்களில் கையெழுத்திட்டுக் கொடுத்திருக்கிறேன். பெரும்பாலானவற்றுக்குப் பதிலே வந்ததில்லை. வந்த உதவியும் முதலாளியின் மகன் எங்கள் மாணவர் என்பதால் வந்ததே தவிர, கடிதத்தைப் படித்து வந்ததன்று.

கடிதம் யார் கையில் படிக்கப்படுகிறது என்பதைத் தெரிந்துகொண்டால் அதை எப்படி எழுத வேண்டும் என்பது பாதி விளங்கிவிடும். நீங்கள் நேரில் போகும்போது முதலாளி இரண்டு நிமிடம் பேசுவார், கடிதத்தை மேசையில் வைத்துவிட்டுப் போகச் சொல்வார். நீங்கள் சொன்னதெல்லாம் அவருக்கு மறந்த பிறகு, மூன்று நாள் கழித்து, அலுவலகத்தின் கணக்குப்பிள்ளையோ முதலாளியின் வீட்டாரோ அதை எடுத்துப் பார்ப்பார்கள். எவ்வளவு கேட்கிறார்கள், அது எதற்குச் செலவாகும், நம் பெயர் யார் கண்ணில் படும், காசோலை யார் பெயருக்கு என்ற நான்கு கேள்விகளுக்கு அந்தத் தாளிலேயே விடை இருக்க வேண்டும். விளக்கம் சொல்ல நீங்கள் அப்போது பக்கத்தில் இருக்கமாட்டீர்கள்.

முதலில் ஒரு கணக்கு

எழுத உட்காருவதற்கு முன் எவ்வளவு குறைகிறது என்று தெரிய வேண்டும். கோயம்புத்தூரில் ஓர் இயந்திரவியல் துறைச் சங்கம் பிப்ரவரியில் ஒரு நாள் கருத்தரங்கு நடத்துவதாக எடுத்துக்கொள்வோம். பங்கேற்பாளர் 300 பேர். மாணவத் தொண்டர்கள், நடுவர்கள், விருந்தினர் என்று இன்னும் 60 பேர். மதிய உணவும் தேநீரும் ஆளுக்கு 120 ரூபாய் என்றால் 43,200 ரூபாய். பரிசுகளுக்கு 24,000, சான்றிதழ், கோப்பு, அடையாள அட்டைக்கு 15,000, போட்டிகளுக்கான பொருள்களுக்கு 12,000, சிறப்பு விருந்தினரின் பயணத்துக்கும் நினைவுப் பரிசுக்கும் 9,800, அழைப்பிதழுக்கும் ஃபிளெக்ஸுக்கும் 8,000, எதிர்பாராச் செலவுக்கு 8,000. மொத்தம் 1,20,000 ரூபாய் ஆகிறது. பதிவுக் கட்டணம் 200 ரூபாய் வீதம் 60,000 வரும். சங்கத்தின் சந்தாப் பணத்திலிருந்து 20,000 எடுக்கலாம். மீதி 40,000 ரூபாய்தான் வெளியிலிருந்து வர வேண்டியது.

இந்தக் கணக்கைப் போடாத சங்கம் ஒரு லட்சம் கேட்கும். போட்ட சங்கம் நாற்பதாயிரத்தை நான்கைந்து பேரிடம் பிரித்துக் கேட்கும். பிரிக்கும்போது செலவுத் தலைப்புகளையே பிரிக்க வேண்டும். 'கருத்தரங்குக்கு உதவுங்கள்' என்பது காற்றில் போகும் சொல். 'இந்தப் போட்டியின் பரிசுத் தொகையை ஏற்றுக்கொள்ளுங்கள்' என்பதைக் கேட்டவருக்குத் தம் பணம் எங்கே போகிறது என்பது கண்ணுக்குத் தெரியும்.

யாரிடம் எதைக் கேட்பது

கணபதி, பீளமேடு, சிங்காநல்லூர், குறிச்சி சிட்கோ ஆகிய பகுதிகளில் பம்பு, மோட்டார், வார்ப்படம், இயந்திர உதிரி பாகங்கள் செய்யும் பட்டறைகள் நிறைய உள்ளன. இயந்திரவியல் மாணவர்களுக்கும் இவர்களுக்கும் உள்ள தொடர்பு விளம்பரத்தைவிட ஆழமானது, ஏனென்றால் இவர்களுக்கு வேலைக்கு ஆள் வேண்டும். ஆகையால் பம்பு நிறுவனத்திடம் 'எங்கள் மேடையில் உங்கள் பெயர்' என்று மட்டும் சொல்வது கையிலிருக்கும் நல்ல சரக்கைக் காட்டாமல் வைப்பதற்கு ஒப்பாகும். பம்பைப் பிரித்துப் பூட்டும் ஒரு போட்டி வைத்து, அதற்கு அவர்களுடைய பொறியாளரை நடுவராக அழைத்தால், எட்டு அணிகளின் கைவேலையை அவர் அரை நாளில் நேரில் பார்த்துவிடுவார்.

பேக்கரியிடம் பணம் கேட்பதைவிடத் தேநீர் இடைவேளைக்கான பிஸ்கட்டையும் பப்ஸையும் பாதி விலைக்குக் கேட்பது எளிது. ஜெராக்ஸ் மற்றும் அச்சுக் கடையிடம் சான்றிதழ் அச்சுக் கூலியைக் குறைக்கச் சொல்லலாம். மடிக்கணினி விற்கும் கடையும் கேட் தேர்வுப் பயிற்சி மையமும் அரங்க வாசலில் ஒரு மேசை போட இடம் கேட்பார்கள். அந்த இடத்துக்கு ஒரு தொகை சொல்லலாம், ஆனால் பங்கேற்பாளர்களின் கைபேசி எண் பட்டியலைத் தருவதாக எழுதிவிடக் கூடாது. மாணவர்கள் அந்த எண்ணைக் கருத்தரங்குக்காகக் கொடுத்தார்களே ஒழியக் கடைக்காரருக்காகக் கொடுக்கவில்லை.

பெரிய நிறுவனங்களின் சமூகப் பொறுப்பு நிதி, அதாவது சிஎஸ்ஆர், பற்றி மாணவர்களிடம் ஒரு தவறான எண்ணம் இருக்கிறது. 2013ஆம் ஆண்டுக் கம்பெனிகள் சட்டத்தின் 135ஆம் பிரிவு குறிப்பிட்ட அளவுக்கு மேல் நிகரச் சொத்து மதிப்போ விற்றுமுதலோ லாபமோ உள்ள கம்பெனிகளுக்கே பொருந்தும். அவற்றுக்கும்கூட, தம் பொருளுக்கு விளம்பரம் தேடிச் செய்யும் ஸ்பான்சர்ஷிப்பைச் சமூகப் பொறுப்புச் செலவாகக் காட்ட விதிகள் இடம் தருவதில்லை. பேனரில் பெயர் போடுகிறோம் என்று ஒரு வரியிலும், உங்கள் சிஎஸ்ஆர் நிதியிலிருந்து தாருங்கள் என்று அடுத்த வரியிலும் எழுதினால், கணக்கறிந்தவர் அந்தக் கடிதத்தை அங்கேயே மூடிவிடுவார்.

ஒரு மாதிரிக் கடிதம்

மேலே சொன்ன பம்பு நிறுவனத்துக்கு எழுதும் கடிதம் கல்லூரியின் லெட்டர்ஹெட்டில் இவ்வாறு அமையலாம்.

> கடித எண்: இ.து.ச / 07 / 2026
> நாள்: 05.01.2026
>
> அனுப்புநர்:
> செயலாளர், இயந்திரவியல் துறைச் சங்கம், (கல்லூரியின் பெயர்), கோயம்புத்தூர்.
>
> பெறுநர்:
> திரு. (பெயர்) அவர்கள், உரிமையாளர், (நிறுவனத்தின் பெயர்), கணபதி, கோயம்புத்தூர்.
>
> பொருள்: 20.02.2026 அன்று நடைபெறும் தொழில்நுட்பக் கருத்தரங்கில் பம்பைப் பிரித்துப் பூட்டும் போட்டிக்குத் தங்கள் நிறுவனத்தின் ஆதரவை வேண்டுதல் தொடர்பாக.
>
> மதிப்பிற்குரிய ஐயா,
>
> எங்கள் துறைச் சங்கம் வரும் பிப்ரவரி 20, வெள்ளிக்கிழமை, கல்லூரி வளாகத்தில் ஒரு நாள் தொழில்நுட்பக் கருத்தரங்கை நடத்துகிறது. சென்ற ஆண்டு 11 கல்லூரிகளிலிருந்து 264 மாணவர்கள் பங்கேற்றனர்; இவ்வாண்டு ஏறத்தாழ 300 பேரை எதிர்பார்க்கிறோம்.
>
> இக்கருத்தரங்கில் பம்பைப் பிரித்துப் பூட்டும் போட்டி ஒன்றைப் புதிதாகச் சேர்த்திருக்கிறோம். எழுத்துச் சுற்றில் தேர்வாகும் 8 அணிகள், அணிக்கு மூவராக, ஒரு மோனோபிளாக் பம்பைப் பிரித்து, பழுதைக் கண்டறிந்து, குறித்த நேரத்துக்குள் மீண்டும் பூட்ட வேண்டும்.
>
> இப்போட்டியின் பரிசுத் தொகையான 5,000 ரூபாயையும், கருவிகள் மற்றும் உதிரிப் பொருள்களுக்கான 5,000 ரூபாயையும் சேர்த்து 10,000 ரூபாயைத் தங்கள் நிறுவனம் ஏற்றுக்கொள்ளுமாறு வேண்டுகிறோம். அத்துடன் பயன்பாட்டில் இல்லாத ஒரு குதிரைத்திறன் மோனோபிளாக் பம்புகள் இரண்டை அன்று ஒரு நாளுக்கு மட்டும் கொடுத்துதவினால் மகிழ்வோம். மறுநாள் அவற்றைத் தங்கள் பட்டறையிலேயே ஒப்படைத்துவிடுவோம்.
>
> இப்போட்டி தங்கள் நிறுவனத்தின் பெயரால் நடத்தப்படும். அழைப்பிதழிலும், போட்டி நடைபெறும் கூடத்தில் வைக்கும் 6 அடிக்கு 4 அடி பேனரிலும், வெற்றி பெறும் அணிகளின் சான்றிதழ்களிலும் தங்கள் பெயரும் சின்னமும் இடம்பெறும். தங்கள் நிறுவனப் பொறியாளர் ஒருவர் நடுவராக வந்து அமர வேண்டுகிறோம்.
>
> தொகையைக் கல்லூரியின் பெயருக்குக் காசோலையாகவோ இணைப்பில் உள்ள கல்லூரி வங்கிக் கணக்குக்கோ அனுப்பலாம். கல்லூரி அலுவலகத்தின் ரசீது ஒரு வாரத்துக்குள் தங்களிடம் சேர்க்கப்படும். அழைப்பிதழ் அச்சுக்குச் செல்வதால் 30.01.2026க்குள் தங்கள் முடிவைத் தெரிவித்தால் உதவியாக இருக்கும்.
>
> தங்கள் உண்மையுள்ள,
> (கையொப்பம்) மாணவச் செயலாளர்
> (கையொப்பம்) சங்கப் பொறுப்பாசிரியர், கைபேசி எண்
> (கையொப்பமும் முத்திரையும்) முதல்வர்
>
> இணைப்பு: போட்டிகளின் பட்டியல், கல்லூரி வங்கிக் கணக்கு விவரம்.

வரிகளுக்குப் பின்னால் இருப்பவை

கடிதம் ஒரு பக்கத்தில் அடங்கிவிடுகிறது என்பதைக் கவனியுங்கள். கல்லூரியின் வரலாறு, அது பெற்ற தரச் சான்றுகள், நிறுவனத் தலைவரின் பெருமை ஆகியவை இல்லை. கல்லூரியின் பெயர் லெட்டர்ஹெட்டில் இருக்கிறது, உள்ளூர்க்காரருக்கு அது போதும். சில கல்லூரிகளில் அவற்றைச் சேர்க்கச் சொல்வார்கள். அப்படியானால் இணைப்புத் தாளில் சேர்த்துவிட்டு, கடிதத்தின் முதல் பத்தியை விழாவுக்கே விட்டுவிடுங்கள்.

கடித எண்ணுக்குத் துறை அலுவலகத்தில் ஒரு பதிவேடு இருக்க வேண்டும். எந்த எண் எந்த நிறுவனத்துக்குப் போனது, யார் கொண்டுபோனார், என்ன பதில் என்று அதில் எழுதி வையுங்கள். ஒரே பட்டறைக்கு ஒரே வாரத்தில் இயந்திரவியல் துறையிலிருந்தும் மின்னியல் துறையிலிருந்தும் தனித்தனியாகப் போய் நின்ற கதை எங்களுக்கு நடந்தது. முதலாளி சிரித்துக்கொண்டே 'உங்களுக்குள் பேசி முடித்துவிட்டு வாருங்கள்' என்றார். பேசி முடித்துவிட்டுப் போனபோது அந்த மனநிலை போய்விட்டது. கடிதங்கள் முதல்வர் கையெழுத்துக்குப் போகும் இடத்திலேயே பட்டியலை ஒத்துப்பார்த்தால் இது நேராது.

பெறுநரின் பெயரும் பதவியும் சரியாக இருக்க வேண்டும். தனிநபர் உரிமையில் நடக்கும் பட்டறையின் முதலாளியை 'நிர்வாக இயக்குநர்' என்று எழுதினால் யாரோ எவருக்கோ எழுதிய கடிதம் என்று தோன்றும். அவர் உரிமையாளர், கூட்டு நிறுவனமாயின் பங்குதாரர், பிரைவேட் லிமிடெட் என்றால்தான் இயக்குநர். பெயர்ப் பலகையையோ அவர்கள் கொடுக்கும் பில்லையோ பார்த்தால் தெரிந்துவிடும். பெயருக்கு முன்னால் உள்ள தலைப்பெழுத்தையும் அங்கேயே சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

எதிர்பார்க்கும் எண்ணிக்கைக்குச் சென்ற ஆண்டின் உண்மையான எண்ணிக்கையே ஆதாரம். 'ஆயிரத்துக்கும் மேற்பட்டோர்' என்று எழுதி, அன்று மேசை போட்டு உட்கார்ந்த கடைக்காரர் இருநூறு பேரை மட்டும் பார்த்தால், அடுத்த ஆண்டு உங்கள் சங்கத்துக்கு மட்டுமன்றி உங்கள் கல்லூரியின் மற்றத் துறைகளுக்கும் அந்தக் கதவு திறக்காது. முதல் ஆண்டு நடத்துபவர்களாக இருந்தால், அழைப்பு அனுப்பும் கல்லூரிகளின் எண்ணிக்கையையும் அரங்கின் இருக்கைகளையும் எழுதலாம், இரண்டும் பொய்யாகாது.

கொடுப்பதாகச் சொல்லும் விளம்பரத்திலும் எச்சரிக்கை வேண்டும். மாதிரிக் கடிதத்தில் பேனர் 'போட்டி நடைபெறும் கூடத்தில்' என்றிருப்பது தற்செயலன்று. சாலையோரத்திலும் சந்திப்பிலும் அனுமதியின்றிப் பேனர் வைப்பதற்கு எதிராகச் சென்னை உயர் நீதிமன்றம் பலமுறை கண்டிப்பான உத்தரவுகளைப் பிறப்பித்திருக்கிறது. 2019 செப்டம்பரில் சென்னையில் பேனர் விழுந்து ஓர் இளம்பெண் உயிரிழந்த பிறகு அந்தக் கண்டிப்பு கூடியது. வளாகத்துக்கு வெளியே பேனர் வைப்பதாக நீங்கள் எழுதிக் கொடுத்தால் சிக்கல் உங்களுக்கும் வரும், பேனரில் பெயர் உள்ளவருக்கும் வரும். பெயர் அச்சிட்ட பையும் இப்படித்தான். 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பைகளுக்கும் தண்ணீர் பாக்கெட்டுகளுக்கும் தடை உள்ளது. பையில் பெயர் போடுவதாகச் சொன்னால் துணிப்பை என்று எழுதி, அதற்கான செலவையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். மஞ்சப்பையில் அச்சிட்ட பெயர் விழா முடிந்த பிறகும் மாணவரின் வீட்டில் கடைக்குப் போய் வந்துகொண்டிருக்கும் என்பதால் கடைக்காரர்கள் அதை விரும்புவதையும் பார்த்திருக்கிறேன்.

தமிழில் எழுதுவதா, ஆங்கிலத்தில் எழுதுவதா என்று கேட்பார்கள். உரிமையாளரே முடிவெடுக்கும் கடைக்கும் பட்டறைக்கும் தமிழில் எழுதுங்கள். வேறு ஊரில் தலைமை அலுவலகம் உள்ள நிறுவனத்தின் கிளைக்கு ஆங்கிலம் தேவைப்படும், ஏனென்றால் கிளை மேலாளர் அதை மேலே அனுப்பியாக வேண்டும். ஒரே தாளில் இரண்டையும் கலக்க வேண்டாம்.

பணம் வரும் வழி

புதியவர்கள் தவறு செய்யும் இடம் இது. செயலாளரின் கைபேசி எண்ணைக் கடிதத்தில் போட்டு 'ஜிபே செய்யலாம்' என்று எழுதுவதை எந்தக் காரணத்துக்காகவும் செய்யாதீர்கள். மாணவரின் சொந்தக் கணக்குக்கு வரும் பணத்துக்குக் கல்லூரி ரசீது தர முடியாது. ரசீது இல்லாத செலவை முதலாளி தம் கணக்கில் காட்ட முடியாது. கல்லூரிக் கணக்குக்கு வந்த பணத்தைத் துறை திரும்பப் பெறச் சில வாரங்கள் ஆகலாம் என்பதால்தான் மாணவர்கள் குறுக்கு வழி தேடுகிறார்கள். அதற்கு மருந்து, சங்கப் பொறுப்பாசிரியர் முன்பணம் கேட்டுக் கல்லூரி அலுவலகத்துக்கு முன்கூட்டியே எழுதுவதுதான்.

கடிதத்தில் 'நன்கொடை' என்ற சொல்லைப் பயன்படுத்தலாமா என்பதைக் கணக்கு அலுவலகத்தில் கேட்டுவிட்டு எழுதுங்கள். பேனரிலும் அழைப்பிதழிலும் பெயர் போடுவதற்காகக் கொடுக்கும் தொகை விளம்பரச் செலவின் இயல்புடையது. கைம்மாறு கருதாமல் கொடுப்பதுதான் நன்கொடை. நன்கொடை தருபவருக்கு வருமான வரிச் சலுகை கிடைக்கச் செய்யும் 80-ஜி அனுமதி கல்லூரி அறக்கட்டளைக்கு இருந்தாலும், விளம்பரத்துக்கு ஈடாக வாங்கிய பணத்துக்கு அந்தச் சான்று தருவதாக எழுதினால் பிறகு இரு தரப்புக்கும் தலைவலி. கல்லூரிகளில் நடக்கும் கருத்தரங்குகளுக்குப் பேனர் விளம்பரம் கருதித் தரும் ஸ்பான்சர்ஷிப் விளம்பர ஒப்பந்தத்தைப் போன்றதே என்று மத்திய நேரடி வரிகள் வாரியம் 1995ஆம் ஆண்டுச் சுற்றறிக்கை ஒன்றில் விளக்கியிருக்கிறது. அதனால்தான் பெரிய தொகை கொடுக்கும் கம்பெனியின் கணக்காளர், 1961ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 194-சி பிரிவில் பழகியவராக, வரியைப் பிடித்துக்கொண்டு மீதியை அனுப்புவார். ஒரே தவணையில் 30,000 ரூபாயைத் தாண்டாத தொகைக்கு அந்தப் பிடித்தம் பொதுவாக வராது. நம் மாதிரிக் கடிதத்தின் 10,000 ரூபாய்க்கு அந்தக் கவலை இல்லை. தாண்டும் தொகையாக இருந்தால் கல்லூரியின் பான் எண்ணைக் கேட்பார்கள், ஜிஎஸ்டி பற்றியும் கேட்பார்கள். அங்கே மாணவர் பதில் சொல்ல முயலாமல் கணக்கு அலுவலகத்தின் தொலைபேசி எண்ணைக் கொடுப்பதே சரி.

கொண்டுபோய்க் கொடுப்பது

ஆறேழு வாரத்துக்கு முன் கடிதம் போய்ச் சேர வேண்டும். பிப்ரவரி விழாவுக்கு ஜனவரி முதல் வாரத்தில் கொடுத்துவிடுங்கள். பொங்கலுக்குப் பட்டறைகள் சில நாள் மூடிக்கிடக்கும், அதன் பிறகு திறந்து வேலை சூடுபிடிக்க ஒரு வாரமாகும். மார்ச்சில் விழா வைத்தால் ஆண்டுக் கணக்கு முடிக்கும் நெருக்கடியில் போய் நிற்க வேண்டியிருக்கும். வாரக்கூலி தரும் பட்டறைகளுக்குச் சனிக்கிழமை மாலை போகாதீர்கள். மாதாந்திரப் பராமரிப்புக்காக அந்தப் பகுதியில் மின்சாரம் நிறுத்தப்படும் நாள் செய்தித்தாளில் வரும். இயந்திரங்கள் ஓடாத அன்று பட்டறை முதலாளி சற்று ஓய்வாக இருப்பார், இரண்டு நிமிடம் பத்து நிமிடமாகும்.

இருவராகப் போங்கள், கல்லூரி அடையாள அட்டையோடு போங்கள். கடிதத்தை உறையில் போட்டு ஒட்டாமல் கொடுங்கள். ஒரு பிரதியில் 'பெற்றுக்கொண்டேன்' என்று தேதியுடன் குறித்து வாங்கி வந்தால், அடுத்த முறை போகும்போது கடிதம் கிடைக்கவில்லை என்ற பேச்சு எழாது. எட்டு நாள் கழித்து ஒருமுறை தொலைபேசியில் கேளுங்கள், கடைசித் தேதிக்கு இரண்டு நாள் முன் ஒருமுறை கேளுங்கள். மூன்றாவது முறை கேட்க வேண்டாம். 'பார்க்கலாம் தம்பி' என்பதைப் பெரும்பாலும் மறுப்பு என்றே எடுத்துக்கொண்டு, அந்தச் செலவுத் தலைப்பை அடுத்த நிறுவனத்திடம் கொண்டுபோங்கள். பணம் முடியாது, பம்பு மட்டும் தருகிறேன் என்றால் உடனே ஒப்புக்கொண்டு, நன்றி சொல்லி, போட்டியை அவர் பெயரிலேயே நடத்துவதா என்பதை ஆசிரியரிடம் கேட்டுச் சொல்வதாகச் சொல்லுங்கள். அந்த இடத்திலேயே வாக்குக் கொடுக்கும் உரிமை மாணவருக்கு இல்லை.

விழா முடிந்த பத்து நாளுக்குள் இன்னொரு கடிதம் போக வேண்டும். அதில் உண்மையில் வந்தவர்களின் எண்ணிக்கை, வென்ற அணிகளின் கல்லூரிகள், கூடத்தில் அவர்கள் பெயருடன் நின்ற பேனரின் ஒரு புகைப்படம், அழைப்பிதழின் ஒரு பிரதி ஆகியவை இருக்கட்டும். ரசீது அதற்குள் போய்ச் சேர்ந்துவிட்டதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். 300 பேரை எதிர்பார்த்து 240 பேர் வந்திருந்தால் 240 என்றே எழுதுங்கள். இரண்டு பம்புகளையும் திருப்பிக் கொடுக்கும்போது வாட்டர் சீலும் போல்ட்டுகளும் எண்ணிக்கை குறையாமல் பூட்டப்பட்டிருக்கின்றனவா என்று பரிசோதனைக்கூட உதவியாளரை ஒருமுறை பார்க்கச் சொல்லிவிட்டு எடுத்துச் செல்லுங்கள்.